ஐந்து ஊர்களுக்கு ஒரு கிடங்கு: ஈர்ப்பு மையம் காட்டும் இடம் எது?

கோயம்புத்தூர், சேலம், திருச்சி, மதுரை, திருநெல்வேலி. இந்த ஐந்து ஊர்களில் உள்ள மொத்த வியாபாரிகளுக்குச் சரக்கு அனுப்பும் ஒரு நிறுவனம், ஒரே ஒரு கிடங்கு வைக்க நினைக்கிறது. எந்த ஊரில் வைப்பது? கோயம்புத்தூரில்தான் விற்பனை அதிகம், அங்கேயே வைத்துவிடலாம் என்பார் ஒருவர். வரைபடத்தில் நடுவில் இருப்பது திண்டுக்கல் என்பார் இன்னொருவர். இரண்டு பேச்சிலும் பாதி உண்மை இருக்கிறது. தேவையையும் தூரத்தையும் ஒன்றாக எடுத்துக்கொண்டு கணக்கில் ஓர் இடத்தைக் காட்டுவதுதான் ஈர்ப்பு மைய முறை.

இந்தக் கணக்கு பத்து நிமிடத்தில் முடிந்துவிடும். ஆனால் அது எதைக் குறைத்துக் கொடுக்கிறது, எதைக் குறைப்பதில்லை என்பது பலருக்குத் தெரிவதில்லை. கல்லூரிப் பாடத்தில் சூத்திரம் வரும், விடை வரும், அடுத்த பாடத்துக்குப் போய்விடுவார்கள். விடை வந்த பிறகு கேட்க வேண்டிய கேள்விகளையே இங்கே முக்கியமாகப் பார்க்கப்போகிறேன்.

முதலில் கணக்கு. ஒவ்வோர் ஊருக்கும் வரைபடத்தில் இரண்டு எண்கள் வேண்டும்: ஒரு மூலையிலிருந்து கிழக்கே எவ்வளவு தூரம், வடக்கே எவ்வளவு தூரம். மூலை எங்கே இருந்தாலும் பரவாயில்லை, விடையில் காட்டப்படும் இடம் மாறாது. நான் 8 பாகை வடக்கு, 76 பாகை கிழக்கு என்ற புள்ளியை எடுத்துக்கொள்கிறேன். அது திருவனந்தபுரத்துக்குத் தென்மேற்கே அரபிக் கடலில் இருக்கிறது. அங்கிருந்து பார்த்தால் ஐந்து ஊர்களும் வடகிழக்கே வருவதால் எல்லா எண்களும் நேர்மறையாகவே இருக்கும். நம் அட்சரேகையில் ஒரு பாகை, வடக்கு தெற்காக அளந்தாலும் கிழக்கு மேற்காக அளந்தாலும், ஏறத்தாழ 110 கிலோமீட்டர். ஊரின் தீர்க்கரேகையில் 76-ஐக் கழித்து 110-ஆல் பெருக்கினால் கிழக்குத் தூரம் x கிடைக்கும். அட்சரேகையில் 8-ஐக் கழித்து அதே போலப் பெருக்கினால் வடக்குத் தூரம் y.

தேவை என்ற பத்தியில் உள்ள டன் கணக்கு உதாரணத்துக்காக நான் வைத்துக்கொண்டது. ஊர்களின் இருப்பிடம் உண்மையானது.

| ஊர் | மாதத் தேவை (டன்) | x (கி.மீ.) | y (கி.மீ.) |
|---|---|---|---|
| கோயம்புத்தூர் | 120 | 105 | 332 |
| சேலம் | 80 | 236 | 403 |
| திருச்சி | 70 | 297 | 307 |
| மதுரை | 90 | 233 | 212 |
| திருநெல்வேலி | 40 | 193 | 78 |

சூத்திரம் இவ்வளவுதான். w என்பது தேவை.

```
X = Σ(w·x) / Σw
Y = Σ(w·y) / Σw
```

ஒவ்வோர் ஊரின் x எண்ணையும் அதன் தேவையால் பெருக்கிக் கூட்டினால் 80,960 வருகிறது. மொத்தத் தேவை 400 டன். வகுத்தால் 202.4. அதே போல y பக்கம் 1,15,770-ஐ 400-ஆல் வகுத்தால் 289.4. விரிதாளில் செய்பவர்கள் `=SUMPRODUCT(B2:B6,C2:C6)/SUM(B2:B6)` என்று ஒரே வரியில் முடித்துவிடலாம்.

இந்த இரண்டு எண்களைத் திரும்பப் பாகைகளாக மாற்றினால் 10.63 வடக்கு, 77.84 கிழக்கு. வரைபடத்தில் வைத்துப் பார்த்தால் அரவக்குறிச்சிக்குத் தெற்கே, ஒட்டன்சத்திரத்துக்கு வடகிழக்கே, இரண்டுக்கும் ஏறக்குறைய நடுவில் விழுகிறது. வேடசந்தூர் வழியாகப் போகும் தேசிய நெடுஞ்சாலை 44 அந்த இடத்துக்குக் கிழக்கே பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் தள்ளி ஓடுகிறது. ஐந்து ஊர்களில் ஒன்றுகூட அருகில் இல்லை. கணக்கு சொல்வதைக் கேட்டு அந்தப் புள்ளியில் நிலம் தேடிப் போக வேண்டுமா?

அதற்கு விடை சொல்ல, அந்தப் புள்ளி எதன் அடிப்படையில் வந்தது என்று பார்க்க வேண்டும். ஒரு மரப்பலகையில் தமிழ்நாட்டு வரைபடத்தை ஒட்டி, ஐந்து ஊர்களிலும் ஆணி அடித்துக்கொள்ளுங்கள். ஒவ்வோர் ஆணியிலும் ஒரு ரப்பர் பட்டையை மாட்டி, எல்லாப் பட்டைகளின் மறுமுனைகளையும் ஒரு சிறு வளையத்தில் சேர்த்துக் கட்டுங்கள். கோயம்புத்தூர்ப் பட்டை தடிமனானது, திருநெல்வேலிப் பட்டை மெல்லியது. தேவைக்கு ஏற்ற தடிமன். கையை விட்டால் வளையம் எங்கே போய் நிற்கிறதோ அதுதான் ஈர்ப்பு மையம். ரப்பர் பட்டையின் குணம் என்ன? இழுக்க இழுக்க அதன் இழுவிசை கூடும். இருமடங்கு தூரம் இழுத்தால் இருமடங்கு விசை.

இங்கேதான் சிக்கல். நம் கணக்கில் திருநெல்வேலிக்கு 40 டன், கோயம்புத்தூருக்கு 120 டன். மூன்றில் ஒரு பங்கு. ஆனால் திருநெல்வேலி அந்தப் புள்ளியிலிருந்து 212 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது, கோயம்புத்தூர் 106 கிலோமீட்டர்தான். ரப்பர் பட்டைக் கணக்கில் திருநெல்வேலியின் இழுப்பு கோயம்புத்தூரின் இழுப்பில் மூன்றில் இரண்டு பங்காகிவிடுகிறது. தூரத்தில் இருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காக ஓர் ஊருக்கு இரட்டிப்பு வாக்கு.

லாரி வாடகை அப்படி ஏறுவதில்லை. 200 கிலோமீட்டருக்குக் கொண்டுபோகும் செலவு 100 கிலோமீட்டருக்கு ஆகும் செலவைப் போல் சுமார் இரண்டு மடங்குதான். ஈர்ப்பு மையமோ தூரத்தின் வர்க்கத்தைத் தேவையால் பெருக்கிக் கூட்டி, அந்தக் கூட்டுத்தொகையைக் குறைக்கிற புள்ளி. தூரம் இரட்டித்தால் அதன் கணக்கில் சுமை நான்கு மடங்கு. நாம் குறைக்க விரும்புவது டன்-கிலோமீட்டரை, அதாவது ஒவ்வோர் ஊரின் டன்னையும் தூரத்தால் பெருக்கிக் கூட்டிய தொகையை. சூத்திரம் குறைப்பது வேறொன்றை. பெயரில் ஈர்ப்பு என்று இருப்பதால் ஏதோ இயற்கை விதியே சரியான இடத்தைக் காட்டுவதாக ஒரு நம்பிக்கை வந்துவிடுகிறது. அந்த நம்பிக்கைக்கு ஆதாரம் இல்லை.

டன்-கிலோமீட்டரைக் குறைக்கும் இடத்தைக் காண வேறொரு பலகை வேண்டும். ஒரு மேசையில் ஊருக்கு ஒரு துளை போட்டு, ஐந்து கயிறுகளின் நுனிகளை மேசை மேல் ஒரே முடிச்சாகப் போடுங்கள். ஒவ்வொரு கயிற்றையும் அதன் துளை வழியாகக் கீழே விட்டு, தேவைக்கு ஏற்ற எடைக்கல்லைத் தொங்கவிடுங்கள். கயிறு நீளமாக இருந்தாலும் குட்டையாக இருந்தாலும் கல்லின் இழுப்பு ஒன்றுதான். முடிச்சு நிற்கும் இடமே டன்-கிலோமீட்டர் மிகக் குறைவான இடம். இந்தக் கருவிக்குப் பிரெஞ்சுக் கணித அறிஞர் வரிஞோனின் பெயரைச் சொல்லுவார்கள். தொழிற்சாலை எங்கே அமையும் என்பதைப் பற்றி 1909-இல் எழுதிய ஜெர்மானியர் ஆல்ஃபிரட் வெபரின் கோட்பாட்டோடு இந்தச் சிக்கல் சேர்ந்துகொண்டது. அதனால்தான் அந்த முடிச்சு நிற்கும் புள்ளியை வெபர் புள்ளி என்கிறார்கள்.

வெபர் புள்ளிக்கு ஒரே அடியில் விடை தரும் சூத்திரம் இல்லை. ஆனால் 1937-இல் எந்த்ரே வைஸ்ஃபெல்ட் என்ற இளம் ஹங்கேரியக் கணிதர் ஓர் எளிய வழியைச் சொன்னார். ஈர்ப்பு மையத்தில் தொடங்குங்கள். அங்கிருந்து ஒவ்வோர் ஊருக்கும் உள்ள தூரத்தை அளந்து, அந்த ஊரின் தேவையை அந்தத் தூரத்தால் வகுத்துக்கொள்ளுங்கள். தேவைக்குப் பதிலாக இந்தப் புதிய எண்ணை வைத்து அதே சூத்திரத்தை மறுபடி போடுங்கள். கிடைத்த புதிய புள்ளியிலிருந்து திரும்ப அளந்து, திரும்ப வகுத்து, திரும்பப் போடுங்கள். தூரத்தால் வகுப்பதன் பொருள் ரப்பர் பட்டையைக் கயிறாக மாற்றுவதுதான். தள்ளி இருக்கும் ஊருக்குக் கிடைத்த அதிகப்படி வாக்கு பறிக்கப்படுகிறது.

நம் ஐந்து ஊர்க் கணக்கில் முதல் சுற்றில் புள்ளி 205.8, 293.1-க்கு நகர்கிறது. அடுத்த சுற்றில் 207.0, 294.6. இன்னும் சில சுற்றுகளில் 208, 296-க்கு அருகே நின்றுவிடுகிறது. திருநெல்வேலியை விட்டு விலகி, வடகிழக்காக 9 கிலோமீட்டர் நகர்ந்திருக்கிறது. எதிர்பார்த்த திசைதான்.

லாபம் எவ்வளவு? ஈர்ப்பு மையத்தில் மாதம் 44,925 டன்-கிலோமீட்டர். வெபர் புள்ளியில் 44,847. வித்தியாசம் 78, அதாவது 0.17 விழுக்காடு. இவ்வளவு விளக்கமும் இதற்காகவா என்று தோன்றலாம். ஊர்கள் நாலாபுறமும் பரவி, எந்த ஊரும் தனியாக ஆதிக்கம் செலுத்தாத இடங்களில் இந்த இரண்டு புள்ளிகளும் பெரும்பாலும் பக்கத்துப் பக்கத்தில்தான் விழும். எளிய சூத்திரத்தை இவ்வளவு காலமாக நம்பி வந்தவர்கள் பெரிதாக நஷ்டப்படாததற்குக் காரணம் இதுதான்.

ஆனால் அந்த நிபந்தனையை மாற்றிப் பாருங்கள். ஆறாவது ஊராகச் சென்னையைச் சேர்ப்போம். அங்கே மட்டும் 500 டன் தேவை. மற்ற ஐந்து ஊர்களும் சேர்ந்து 400 டன்தான். சென்னையின் இருப்பிடம் 470, 559. ஈர்ப்பு மையச் சூத்திரத்தைப் போட்டால் 351, 439 வருகிறது. வரைபடத்தில் அது கிட்டத்தட்டத் திருக்கோவிலூர். அங்கே கிடங்கு வைத்தால் மாதம் சுமார் 1,75,000 டன்-கிலோமீட்டர் ஆகும்.

இப்போது கயிற்று மேசையை நினைத்துக்கொள்ளுங்கள். சென்னைத் துளையில் 500 கிலோ கல் தொங்குகிறது. மற்ற ஐந்து கற்களும் ஒரே திசையில் இழுத்தால்கூட 400 கிலோதான். முடிச்சு இழுபட்டுச் சென்னைத் துளையிலேயே போய் உட்கார்ந்துவிடும். வேறு விதமாகச் சொன்னால், கிடங்கைச் சென்னையை விட்டு ஒரு கிலோமீட்டர் நகர்த்தினால் சென்னைச் சரக்கால் 500 டன்-கிலோமீட்டர் கூடும், மற்ற எல்லா ஊர்களாலும் சேர்ந்து அதிகபட்சம் 400 டன்-கிலோமீட்டர்தான் குறையும். ஒவ்வொரு கிலோமீட்டரிலும் குறைந்தது 100 நஷ்டம். சென்னையிலேயே வைத்தால் ஆகும் மொத்தம் சுமார் 1,55,500. ஈர்ப்பு மையம் காட்டிய இடத்தைவிட 11 விழுக்காடு குறைவு.

இதிலிருந்து ஒரு சோதனை கிடைக்கிறது, இதற்குக் கணிப்பொறியே வேண்டாம். ஏதாவது ஓர் ஊரின் தேவை மொத்தத்தில் பாதிக்கு மேல் இருந்தால், போக்குவரத்துச் செலவைப் பொறுத்தவரை கிடங்கு அந்த ஊரிலேயே இருக்க வேண்டும். சூத்திரம் வேறு எங்கே காட்டினாலும் அதை ஏற்க வேண்டியதில்லை. சென்னையில் நில வாடகை அதிகம் என்பதால் நகருக்கு வெளியே போக நேரலாம். ஆனால் அது திருக்கோவிலூர் வரை போவதற்கான காரணம் ஆகாது.

மறுபடி ஐந்து ஊர்களுக்கு வருவோம். அரவக்குறிச்சிக்கும் ஒட்டன்சத்திரத்துக்கும் இடையே உள்ள அந்தப் புள்ளியில் நாம் கிடங்கு கட்டப்போவதில்லை. நெடுஞ்சாலையை ஒட்டிய ஒரு நகரம் வேண்டும்: லாரி கிடைக்க வேண்டும், சுமை தூக்க ஆட்கள் வேண்டும், வாடகைக்குக் குடோன் வேண்டும். கண்ணுக்குப் படுபவை இரண்டு. தெற்கே திண்டுக்கல், 33 கிலோமீட்டர் தள்ளி. வடக்கே கரூர், 45 கிலோமீட்டர் தள்ளி. நேர்கோட்டுத் தூரத்தில் கணக்குப் போட்டால் திண்டுக்கல்லில் 45,894 டன்-கிலோமீட்டர், கரூரில் 46,281. ஈர்ப்பு மையத்தைவிட முறையே 2.2 விழுக்காடும் 3 விழுக்காடும் கூடுதல். அவ்வளவு தூரம் விலகிப் போயும் செலவு இந்த அளவுதான் ஏறுகிறது.

இந்த முறையைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டியவற்றில் இதையே நான் முதலாவதாக வைப்பேன். செலவின் வடிவம் கிணறு போல் செங்குத்தாக இல்லை. அகலமான உணவுத் தட்டு போல இருக்கிறது. நடுவில் சுற்றிலும் ஏறக்குறைய சமதளம். விளிம்பை நெருங்கும்போதுதான் ஏறத் தொடங்கும். ஆகவே சூத்திரம் தரும் தசமப் புள்ளிகளைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். அது காட்டுவது ஒரு வட்டாரத்தை. அந்த வட்டாரத்துக்குள் எந்த ஊர் என்பதை வாடகை, சாலை, ஆள் கிடைப்பது ஆகியவைதான் முடிவு செய்ய வேண்டும்.

இப்போது நேர்கோட்டை விட்டுவிட்டுச் சாலைத் தூரத்தை எடுப்போம். ஐந்து கிலோமீட்டருக்கு முழுமையாக்கிச் சொன்னால், கரூரிலிருந்து கோயம்புத்தூர் 130, சேலம் 100, திருச்சி 80, மதுரை 140, திருநெல்வேலி 300. திண்டுக்கல்லிலிருந்து அதே வரிசையில் 155, 175, 100, 65, 220. தேவையால் பெருக்கிக் கூட்டினால் கரூருக்கு 53,800, திண்டுக்கல்லுக்கு 54,250. வரிசை தலைகீழாகிவிட்டது! நேர்கோட்டில் திண்டுக்கல் முந்தியது, சாலையில் கரூர் முந்துகிறது. ஏன்? கரூரிலிருந்து கோயம்புத்தூருக்குக் காங்கேயம், பல்லடம் வழியாகச் சாலை கிட்டத்தட்ட நேராகப் போகிறது. திண்டுக்கல்லிலிருந்து போகும் சாலையோ பழனி, உடுமலை, பொள்ளாச்சி என்று மலையடிவாரத்தை ஒட்டி வளைந்து போகிறது.

இந்த முடிவைக் கரூருக்குக் கிடைத்த வெற்றியாகப் படிக்கக் கூடாது. இரண்டுக்கும் இடையே உள்ள வித்தியாசம் ஒரு விழுக்காட்டுக்கும் குறைவு. தூரத்தை முழுமையாக்கியதிலேயே அவ்வளவு பிழை இருக்கலாம். போக்குவரத்தில் இரண்டு ஊர்களும் சமம் என்பதே சரியான வாசிப்பு. சதுர அடிக்கு ஒரு ரூபாய் வாடகை வித்தியாசம் இருந்தாலும் அது இந்த வித்தியாசத்தை விழுங்கிவிடலாம். இங்கே நேர்கோட்டுத் தூரத்தைவிடச் சாலைத் தூரம் சுமார் 16 முதல் 18 விழுக்காடு கூடுதலாக வருகிறது. எல்லா ஊர்களுக்கும் ஒரே விகிதத்தில் கூடினால் புள்ளி நகராது. ஓர் ஊருக்கு மட்டும் மலை குறுக்கே நின்றாலோ, ஆற்றுப் பாலத்துக்காகச் சுற்றிப் போக நேர்ந்தாலோதான் நேர்கோட்டுக் கணக்கு ஏமாற்றும். ஆகவே கடைசிச் சுற்றில் நிற்கும் இரண்டு மூன்று ஊர்களுக்காவது சாலைத் தூரத்தை எடுத்து மறுபடி கூட்டிப் பார்க்காமல் முடிவெடுக்க வேண்டாம்.

கணக்கில் நேரும் தவறுகளில் அதிகம் பார்ப்பது அட்சரேகையும் தீர்க்கரேகையும் இடம் மாறிப் போவதுதான். ஒரே ஓர் ஊருக்கு மாறினாலும் புள்ளி எங்கோ போய்விடும். கண்டுபிடிப்பது எளிது: விடை எப்போதும் ஊர்களைச் சுற்றிக் கட்டிய வேலிக்குள்தான் விழ வேண்டும். வெளியோர ஊர்களை நூலால் இணைத்துப் பாருங்கள். புள்ளி நூலுக்கு வெளியே இருந்தால் எங்கோ எண் தவறு. அடுத்து, ஒரு தேவையை மாற்றிப் பார்க்கலாம். கோயம்புத்தூரின் 120 டன் 160 ஆனால் புள்ளி மேற்கே சுமார் 9 கிலோமீட்டர் நகர்கிறது. மூன்றில் ஒரு பங்கு விற்பனை உயர்வுக்கு அவ்வளவுதான். எதிர்காலத் தேவையை மிகத் துல்லியமாகக் கணிக்க முடியவில்லையே என்ற கவலை இந்த ஒரு சோதனையில் பெரிதும் தணியும்.

உண்மையான தவறு இதைவிட ஆழத்தில் இருக்கிறது. w என்ற எழுத்துக்கு எதை வைக்கிறோம் என்பதில். டன் என்று எழுதிவிட்டோம், ஆனால் லாரிக்காரர் டன்னுக்குப் பணம் வாங்குவதில்லை, நடைக்கு வாங்குகிறார். பத்து டன் லாரி ஐந்து டன்னோடு போனாலும் நடைக்கூலி ஏறக்குறைய அதேதான். திருநெல்வேலிக்கு மாதம் 40 டன். வாரம் ஒரு முறை, பத்து டன்னாக அனுப்பினால் நான்கு நடை. அங்குள்ள வியாபாரிகள் வாரம் இருமுறை சரக்கு வேண்டும் என்று சொன்னால் அதே 40 டன்னுக்கு எட்டு நடை. மற்ற ஊர்களுக்கு நிறைந்த லாரியே போகிறது என்றால், கணக்கில் திருநெல்வேலியை 80 டன் ஊராகவே நடத்த வேண்டும். அப்படிப் போட்டால் புள்ளி 19 கிலோமீட்டர் தெற்கே இறங்கி, ஒட்டன்சத்திரத்துக்குப் பக்கத்தில் வருகிறது. திண்டுக்கல்லும் கரூரும் சமம் என்றோமே, அந்தச் சமநிலை இங்கே உடைந்து திண்டுக்கல்லுக்குச் சாதகமாகிவிடும். பஞ்சு, நுரை மெத்தை, அட்டைப் பெட்டி போல இடத்தை அடைக்கும், எடையில்லாத சரக்குக்கும் இதே நியாயம்தான். டன்னை விட்டுவிட்டு நடைகளை எண்ணுங்கள்.

இதற்கு எதிர்ப்பக்கமும் உண்டு. மதுரைக்கும் திருநெல்வேலிக்கும் ஒரே லாரி ஒரே நடையில் போய், மதுரையில் பாதியை இறக்கிவிட்டு மேலே போனால், மதுரை வரையான செலவு இரண்டு ஊர்களுக்கும் பொது. இந்த முறை அதைப் பார்ப்பதில்லை. கிடங்கிலிருந்து ஒவ்வோர் ஊருக்கும் தனித்தனியாக லாரி போய்த் திரும்புவதாகவே அது எண்ணிக்கொள்கிறது. சிறு வண்டிகளில் ஊர் ஊராக இறக்கிக்கொண்டு போகும் வியாபாரத்துக்கு இது பொருந்தாது. அங்கே வழித்தடங்களை வைத்துக் கணக்கிட வேண்டும்.

எல்லாவற்றையும்விடப் பெரிய விடுபடல், கிடங்குக்குள் சரக்கு எங்கிருந்து வருகிறது என்பது. இதுவரை வெளியே போகும் 400 டன்னை மட்டும்தான் பார்த்தோம். அதே 400 டன் முதலில் உள்ளே வந்தாக வேண்டும். 2017 ஜூலை 1-ஆம் தேதி சரக்கு மற்றும் சேவை வரி வருவதற்கு முன்னால், மாநிலம் தாண்டிய விற்பனைக்கு மத்திய விற்பனை வரி இருந்தது. தன் சொந்தக் கிடங்குக்கு மாற்றிய சரக்குக்கு அந்த வரி இல்லை. எனவே நிறுவனங்கள் தூரத்தைப் பார்க்காமல் மாநிலத்துக்கு ஒரு கிடங்கு வைத்தன. அந்தக் காலத்தில் இந்தக் கணக்குக்கு மாநில எல்லைதான் வேலி. இப்போது அந்தக் காரணம் இல்லாததால், வரும் வழியும் போகும் வழியும் சேர்ந்து இடத்தைத் தீர்மானிக்கின்றன.

உள்ளே வரும் சரக்கு பெரிய லாரிகளில் நிறைத்து வரும், அதனால் டன்-கிலோமீட்டருக்குச் செலவு குறைவு. வெளியே போவது சிறிய வண்டிகளில், செலவு அதிகம். உதாரணத்துக்கு, வருவதற்கு 3 ரூபாய், போவதற்கு 6 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். இப்போது w என்பது டன்னை ரூபாயால் பெருக்கியது. ஐந்து ஊர்களும் சேர்ந்து 2,400. உள்ளே வரும் 400 டன்னும் ஒரே தொழிற்சாலையிலிருந்து வந்தால், அந்தத் தொழிற்சாலை ஒன்றுக்கே 1,200. ஐந்து ஊர்களில் பெரியதான கோயம்புத்தூரின் எண் 720-தான். அதாவது வரைபடத்திலேயே கனமான புள்ளி, நாம் சேர்க்க மறந்த புள்ளி.

தொழிற்சாலை ஓசூரில் இருப்பதாகக் கொண்டு கணக்கிட்டேன். அதன் இருப்பிடம் 201, 521. விடை 202, 367. அரவக்குறிச்சிக்குத் தெற்கே நின்ற புள்ளி 77 கிலோமீட்டர் வடக்கே ஏறி, திருச்செங்கோட்டுக்குப் பக்கத்தில் போய்விட்டது. அடுத்து, சரக்கு தூத்துக்குடித் துறைமுகத்தில் கப்பலிலிருந்து இறங்குவதாகக் கொண்டேன். அதன் இருப்பிடம் 234, 84. விடை 213, 221. அது மதுரைக்கு வடமேற்கே, சோழவந்தானை ஒட்டி விழுகிறது. அதே ஐந்து ஊர்கள், அதே 400 டன், அதே வாடகை. கரூரா திண்டுக்கல்லா என்று ஒரு விழுக்காட்டுக்காக நாம் யோசித்துக்கொண்டிருந்தோம். சரக்கு வரும் வாசல் மாறியதும் கிடங்கின் இடம் 146 கிலோமீட்டர் மாறிவிட்டது.